அட்டையில் ஒட்டிய பழைய குடும்பப் புகைப்படம்: எந்த ஆண்டு எடுத்தது, அதில் இருப்பவர்கள் யார்?

ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். தடித்த அட்டையில் ஒட்டிய படம் அது. நடுவில் நாற்காலியில் ஓர் இளம்பெண் மடியில் கைக்குழந்தையோடு அமர்ந்திருக்கிறார். அவருடைய இரு பக்கங்களிலும் இன்னும் இரண்டு சிறு குழந்தைகள் நிற்கிறார்கள். பின்னால் மீசை வைத்த ஓர் ஆணும், ஓரத்து நாற்காலியில் கறுப்பு உடை அணிந்த வயதான பெண்மணி ஒருவரும் இருக்கிறார்கள். அட்டையின் பின்புறம் நீல மையில் "பெரிய அக்கா, குழந்தைகளுடன்" என்று எழுதியிருக்கிறது. குடும்பத்தில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவர் 1862-இல் பிறந்தவர், இளையவர் 1871-இல் பிறந்தவர். பின்புறத்து எழுத்தை நம்பி, இந்தப் படத்தை மூத்தவரின் பெயரில் குறித்துவைத்துவிடலாமா?

இந்த ஒரு படத்தையே மாதிரியாக வைத்து, 1860 முதல் ஏறத்தாழ 1910 வரை ஸ்டுடியோக்களில் எடுக்கப்பட்டு அட்டையில் ஒட்டித் தரப்பட்ட படங்களின் காலத்தைக் கணிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். குடும்பப் பெட்டிகளில் பெயர் தெரியாமல் கிடக்கும் படங்களில் இவ்வகைப் படங்களே, கவனித்துப் பார்த்தால், அதிகத் தடயங்களைத் தருகின்றன. அட்டை, பின்புற அச்சு, ஆடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சாராத மூன்று சாட்சிகளாக அவற்றில் அமைந்திருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தடயமும் நமக்கு ஓர் ஆண்டைத் தருவதில்லை. இரண்டு எல்லைகளைத் தருகிறது. "இதற்கு முன்பு எடுத்திருக்க முடியாது" என்பது ஓர் எல்லை, "இதற்குப் பின்பு எடுத்திருக்க வாய்ப்புக் குறைவு" என்பது மற்றோர் எல்லை. இந்த இரண்டும் சம வலுவுடையவை அல்ல. இன்னும் அறிமுகமாகாத அளவுள்ள அட்டையில் எவரும் படம் ஒட்டியிருக்க முடியாது என்பதால் முதல் எல்லை உறுதியானது. ஆனால் பழைய அட்டைக் கையிருப்பை ஸ்டுடியோக்காரர் சில ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்தியிருக்கலாம். பழைய ஆடையைப் பாட்டி இருபது ஆண்டுகள் கழித்தும் உடுத்தியிருக்கலாம். ஆகவே இரண்டாவது எல்லை நெகிழ்வானது. புதிதாக இதில் இறங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நெகிழ்ந்த எல்லையை உறுதியானதாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

முதலில் செய்ய வேண்டியது: முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்தல்

படத்தை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்து, இரு பக்கங்களையும் முழு அட்டையும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். பெரிய அட்டைக்கு 600 டிபிஐ போதும். சிறிய அட்டைக்கு 1200 வைத்தால், முகத்தையும் கழுத்தணியையும் பெரிதாக்கிப் பார்க்க முடியும். படத்தை மட்டும் வெட்டியெடுத்து ஸ்கேன் செய்வது கூடாது. காலத்தைச் சொல்லும் பாதித் தடயங்கள் படத்துக்கு வெளியே, அட்டையின் ஓரங்களிலும் பின்புறத்திலும்தான் இருக்கின்றன. அட்டை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பின்புறத்தைப் பார்க்கும் ஆவலில் முன்புறத்தை இழந்தவர்கள் உண்டு. அத்தகைய படத்துக்கு முன்புறத் தடயங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

பின்புறத்தில் கையால் எழுதியது ஏதேனும் இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால் எதனால் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நம் மாதிரிப் படத்தின் நீல எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், கோடுகள் ஒரே தடிமனில் ஓடுகின்றன. ஆங்காங்கே மை திரண்டு சிறு பொட்டுகளாக நிற்கிறது. அட்டையில் அழுத்தத்தின் பள்ளமும் தெரிகிறது. இது பால்பாயின்ட் பேனா எழுத்து. பால்பாயின்ட் பேனா 1945-க்குப் பின்புதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. எனவே படம் எடுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்து, அநேகமாக அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் நினைவிலிருந்து எழுதியது இது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நேரில் கண்ட சாட்சியும் அல்ல. இதை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றைப் பார்த்து முடித்த பின் திரும்பி வருவோம்.

அட்டையின் அளவும் உடலும்

ஓர் அளவுகோலை எடுத்து அட்டையை அளந்துவிடுங்கள். ஏறத்தாழ 64 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் இருந்தால், அது 'கார்ட் த விசிட்' எனப்படும் விசிட்டிங் கார்டு அளவுப் படம். பாரிஸைச் சேர்ந்த டிஸ்டேரி என்ற புகைப்படக் கலைஞர் 1854-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படங்களை எடுத்து, ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி ஒட்டுவதால் விலை குறைந்தது. இது பெருமளவில் பரவியது 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அளவு ஏறத்தாழ 108-க்கு 165 மில்லிமீட்டர் என்றால் அது 'கேபினட் கார்டு'. இது 1866-இல் அறிமுகமானது. 1880-களிலும் 1890-களிலும் கோலோச்சியது. 1900-க்குப் பின் விரைவாகக் குறைந்தது.

நம் படம் கேபினட் கார்டு. ஆகவே 1866 என்ற உறுதியான முதல் எல்லை ஒரே அளவெடுப்பில் கிடைத்துவிட்டது.

அடுத்து அட்டையின் உடலைப் பாருங்கள். 1860-களின் அட்டைகள் மெல்லியவை, மூலைகள் கூர்மையான சதுரமானவை, நிறம் பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். 1870-களில் மூலைகளை வளைத்து வெட்டுவது வழக்கமாயிற்று. அட்டையும் தடித்துக்கொண்டே வந்தது. 1880-களில் கறுப்பு, கரும்பச்சை, அரக்குச் சிவப்பு போன்ற அடர்நிற அட்டைகளும், சரிவாகச் சீவிப் பொன்பூச்சுப் பூசிய விளிம்புகளும் வந்தன. 1890-களில் விளிம்பை அலை அலையாக வெட்டிய அட்டைகளையும் காணலாம். இவையெல்லாம் பொதுப்போக்குகளே. பெருநகர ஸ்டுடியோ ஒன்று புதிய அட்டைக்கு மாறிய பின்பும் சிற்றூர் ஸ்டுடியோ பழையதிலேயே தொடர்ந்திருக்கலாம். நம் அட்டை கரும்பச்சை நிறம், வளைந்த மூலைகள், பொன் விளிம்பு. அதாவது 1880-களின் தொடக்கத்துக்கு முன் கொண்டுபோக முடியாது. பின்னெல்லை 1890-களின் இறுதி வரை நீளலாம்.

படத்தின் தாளையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். முட்டையின் வெள்ளைக்கருவைப் பூசித் தயாரித்த அல்புமின் தாள் மிக மெல்லியது. பழுப்பு அல்லது மஞ்சள் சாயலுடன், வெளிச்சமான பகுதிகள் மங்கியிருக்கும். உருப்பெருக்கியில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும். 1890-களில் இதன் இடத்தை ஜெலட்டின் போன்ற பூச்சுகள் கொண்ட புதிய தாள்கள் பிடித்தன. ஜெலட்டின் தாளைச் சாய்த்துப் பிடித்தால் இருண்ட பகுதிகளில் வெள்ளி மினுமினுப்புத் தெரிவது உண்டு. இதைக் கூடுதல் சான்றாக வைத்துக்கொள்ளலாமே தவிர, இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மாற்றக் காலத்தில் இரண்டும் அருகருகே புழங்கின.

உங்கள் கையில் இருப்பது தாளே அல்லாமல் மெல்லிய இரும்புத் தகடாக இருந்தால், சிறு காந்தத்தைப் பின்புறத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஈர்த்தால் அது 1856-இல் காப்புரிமை பெற்ற 'டின்டைப்' வகை. அது பல பத்தாண்டுகள் நீடித்த வகையாதலால் காலம் கணிக்க ஆடையைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கும். பின்புறத்தில் தபால் அட்டையின் அச்சு இருந்து, அதில் செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு பிரித்திருந்தால், அது 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தப் பிரிப்பைப் பிரிட்டன் 1902-இலும் அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன.

பின்புறத்து ஸ்டுடியோ அச்சு

மூன்று சாட்சிகளில் என் அனுபவத்தில் மிகுந்த பலன் தருவது இதுதான். அவசரமாகப் படித்தால் மிகுதியாக வழிதவறச் செய்வதும் இதுதான்.

முதல் பொறி, பின்புறத்தின் அடிவிளிம்பில் எறும்பளவு எழுத்தில் இருக்கும் பெயர். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயரும் பாரிஸ் அல்லது வியன்னா என்ற ஊர்ப்பெயரும் இருப்பதைக் கண்டு, நம் முன்னோர் அந்த ஊருக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று கதை கட்டியவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்டுடியோவின் பெயரே அல்ல. வெற்று அட்டைகளை அச்சிட்டுப் பல நாடுகளின் ஸ்டுடியோக்களுக்கு விற்ற நிறுவனத்தின் பெயர். பாரிஸைக் குறிப்பிடும் மரியோன், வியன்னாவின் பெர்ன்ஹார்ட் வாக்டல் ஆகிய பெயர்களை இவ்வாறு அடிக்கடி காணலாம். ஸ்டுடியோவின் பெயர் பொதுவாகப் பெரிய எழுத்தில், நடுவிலோ அல்லது படத்துக்குக் கீழே முன்புறத்திலோ இருக்கும்.

இனி ஸ்டுடியோவின் அச்சில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், தெரு, கதவு எண், கிளைகள், "இன்னாருக்குப் பின் வந்தவர்" போன்ற சொற்கள், தொலைபேசி எண், பதக்கப் படங்கள் எதையும் விடாதீர்கள். கண்காட்சிகளில் பெற்ற பதக்கங்களை ஸ்டுடியோக்கள் பின்புறத்தில் பெருமையாக அச்சிட்டன. பதக்கத்தில் ஆண்டு இருந்தால் அது உறுதியான முதல் எல்லை. நம் அட்டையில் மூன்று பதக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு 1878 என்கின்றன. மூன்றாவதை ஸ்கேனில் பெரிதாக்கினால் 1889 என்று படிக்க முடிகிறது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் பாரிஸில் பன்னாட்டுக் கண்காட்சிகள் நடந்தன. முதல் இரண்டை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் 11 ஆண்டுகளைத் தவறவிட்டிருப்போம். பதக்கங்களில் எப்போதும் கடைசி ஆண்டையே எடுக்க வேண்டும். இப்போது முதல் எல்லை 1889.

அடுத்தது முகவரி. ஸ்டுடியோக்கள் அடிக்கடி இடம் மாறின. அக்காலத்தில் பல நகரங்களில் ஆண்டுதோறும் வெளிவந்த வணிக விவரத் தொகுப்புகளில் புகைப்படக்காரர்கள் தனித் தலைப்பின்கீழ் முகவரியுடன் பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இவை கிடைக்கும். பல தொகுப்புகள் இணையத்திலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. உங்கள் ஸ்டுடியோவின் பெயரை ஒவ்வோர் ஆண்டுத் தொகுப்பிலும் தேடி, எந்த ஆண்டில் எந்த முகவரி என்று ஒரு வரிசை எழுதுங்கள். நம் மாதிரியில் அந்த வரிசை இப்படி அமைகிறது என்று கொள்வோம்: 1890 வரை முதல் தெரு, 1891 முதல் 1898 வரை அட்டையில் உள்ள தெரு, அதன் பின் பெயரே இல்லை. தொகுப்புக்கான விவரங்கள் முந்தைய ஆண்டிலேயே திரட்டப்பட்டிருக்கும் என்பதால், இரு முனையிலும் ஓர் ஆண்டைத் தளர்வாக விட வேண்டும். ஆகவே 1890 முதல் 1898 வரை என்ற எட்டு ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிட்டோம்.

பலர் கவனிக்காமல் விடும் தடயம் ஒன்று இன்னும் இருக்கிறது. பின்புறத்தில் பென்சிலாலோ மையாலோ எழுதிய எண். "நெகட்டிவ்கள் பாதுகாக்கப்படும், மறுபிரதி வேண்டின் எண்ணைக் குறிப்பிடவும்" என்ற பொருளில் அச்சிட்ட வரியருகே இது பெரும்பாலும் இருக்கும். பல ஸ்டுடியோக்கள் நெகட்டிவ்களுக்குத் தொடர்ச்சியாக எண் கொடுத்தன. அதே ஸ்டுடியோவின், தேதி தெரிந்த வேறு படங்கள் இரண்டு கிடைத்தால், நடுவில் வரும் எண்ணின் தேதியைக் கணக்கிடலாம். நம் அட்டையின் எண் 21,300. அதே ஸ்டுடியோவில் எடுத்த, உறவினர் ஒருவரின் திருமணப் படம் 1894 மே மாதத்தைச் சேர்ந்தது; அதன் எண் 19,870. இன்னொரு படத்தில் எடுத்தபோதே மையால் 1897 பிப்ரவரி என்று எழுதியிருக்கிறது. அதன் எண் 23,050. இரண்டுக்கும் இடையே 33 மாதங்களில் 3,180 எண்கள்; மாதத்துக்கு ஏறத்தாழ 96. நம் படம் 19,870-லிருந்து 1,430 எண்கள் தள்ளி இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 15 மாதங்கள். விடை 1895 ஆகஸ்ட்டை ஒட்டி வருகிறது.

இந்தக் கணக்கின் அழகில் மயங்கிவிடக் கூடாது. விழாக்காலத்தில் கூட்டம் அலைமோதும். மற்ற மாதங்களில் ஸ்டுடியோ வெறிச்சோடும். ஆகவே முன்னும் பின்னும் அரை ஆண்டு விட்டு, 1895-இன் தொடக்கத்திலிருந்து 1896-இன் தொடக்கம் வரை என்று எழுதிக்கொள்வதே நேர்மை. தவிர, சில ஸ்டுடியோக்கள் உரிமையாளர் மாறியபோது எண்ணை ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கின. தேதி தெரிந்த படங்களை எண் வரிசையில் அடுக்கினால் தேதிகளும் அதே வரிசையில் ஏறிச்செல்கின்றனவா என்று பார்த்த பின்பே இந்த முறையை நம்ப வேண்டும்.

ஆடை சொல்வது

ஆடையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆடையில் தொடங்கினால் நாம் எதிர்பார்க்கும் ஆண்டையே அதில் கண்டுவிடுகிறோம். அட்டையும் அச்சும் எல்லையைக் குறுக்கிய பிறகு, அந்த எல்லைக்குள் ஆடை பொருந்துகிறதா என்று கேட்டால் விடை நிதானமாக வரும்.

தைத்த ஆடையே காலத்தை நன்றாகச் சொல்லும். அதிலும் தோளும் கையும். தைக்காமல் உடலில் சுற்றி உடுத்தும் ஆடை, தலைமுறைகள் கடந்தும் அதிகம் மாறாதிருக்கலாம். அத்தகைய படங்களில் அதனுடன் அணிந்த ரவிக்கை, சட்டைக் காலர், காலணி, மூக்குக்கண்ணாடி போன்ற தைத்த அல்லது செய்த பொருள்களைத்தான் பார்க்க வேண்டும். நம் படத்தில் இருப்பவை ஐரோப்பிய பாணியில் தைத்த ஆடைகள். அந்தப் பாணியில் பெண்களின் உடைக் கை 1890-களில் மாறியதைப் போல வேறெந்தப் பத்தாண்டிலும் எதுவும் இவ்வளவு ஒழுங்காக மாறவில்லை என்றே சொல்லலாம். 1880-களின் இறுதியில் கை உடலோடு ஒட்டிய குழாய்போல இருந்தது. 1890-ஐ ஒட்டித் தோளின் உச்சியில் சிறிய மடிப்பு ஒன்று மேல்நோக்கி எழுந்தது. அது ஆண்டுக்காண்டு பருத்து, பக்கவாட்டில் விரிந்து, 1895, 1896-இல் உச்சத்தை அடைந்தது. ஆட்டுத் தொடை வடிவக் கை என்று அழைக்கப்பட்டது அதுதான். 1897-இல் உப்பல் சட்டென வற்றி, தோளின் மேல் ஒரு சிறு உருண்டையாகச் சுருங்கியது. 1900-க்குப் பின் மேல்பகுதி ஒட்டியும், தளர்வு மணிக்கட்டுப் பக்கமும் இறங்கிவிட்டது.

நம் படத்தின் இளம்பெண்ணைப் பாருங்கள். முழங்கைக்கு மேலே கை பலூன்போல் உப்பி, நாற்காலியின் முதுகைப் பாதி மறைக்கிறது. உப்பல் மேல்நோக்கி எழாமல் பக்கவாட்டில் சரிந்து விழுகிறது. முழங்கைக்குக் கீழே திடீரென இறுகுகிறது. இது 1894-க்கும் 1896-க்கும் இடைப்பட்ட உருவம். எண்ணின் கணக்கு தந்த விடையோடு இது தனியே வந்து சேர்கிறது.

ஓரத்துப் பெண்மணியை மட்டும் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய கை ஒட்டியது. முன்பக்கம் வரிசையாகப் பொத்தான்கள். தலையில் கறுப்பு லேஸ் தொப்பி. தனியாக வெட்டிக் காட்டினால் 1880 என்று பலரும் சொல்வார்கள். வயதானவர்கள் தம் நடுவயதுப் பாணியிலேயே தொடர்ந்து உடுத்துவது இயல்பு. எனவே ஒரு குழுப் படத்தில் மிகப் புதிய பாணியில் இருப்பவரையே, பொதுவாக இருபதுகளில் உள்ள பெண்ணையே, கடிகாரமாகக் கொள்ள வேண்டும். ஆண்களின் ஆடை மெதுவாக மாறியது. அதை வைத்துப் பத்தாண்டுக்குள்கூட நிறுத்துவது கடினம். படத்தில் இருக்கும் ஆணைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்லாமல் விடுவதே சரி.

குழந்தைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் அந்தப் பாணியில் உடுத்தியவர்கள், சிறுவர்களுக்கும் நான்கைந்து வயது வரை பாவாடை போன்ற உடையையே அணிவித்தார்கள். பாவாடையைக் கண்டு பெண் குழந்தை என்று எழுதிவிட வேண்டாம். பக்க வகிடு பெரும்பாலும் சிறுவனுக்கும் நடு வகிடு சிறுமிக்கும் உரியது என்பது உதவும் குறிப்பு; அதற்கும் விலக்குகள் உண்டு. நம் படத்தில் வலப்புறம் நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பக்க வகிடு. கையில் சிறு சாட்டை. சிறுவனாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

பிரதியா, மூலமா?

ஆடையும் அட்டையும் ஒத்துப்போகாமல் பத்து, இருபது ஆண்டுகள் இடிக்கின்றன என்றால், உடனே ஆடையைத் தவறாகப் படித்துவிட்டோம் என்று முடிவு கட்ட வேண்டாம். இறந்துபோன ஒருவரின் பழைய சிறு படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து, அதைப் படமெடுத்துப் புதிய பெரிய அட்டையில் ஒட்டி வாங்கும் பழக்கம் பரவலாக இருந்தது. அப்போது அட்டையும் முகவரியும் பிரதி எடுத்த ஆண்டைச் சொல்லும். ஆடை மட்டுமே உண்மையான ஆண்டைச் சொல்லும். பிரதி என்பதைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. முகத்தின் நுண்விவரம் கரைந்து, கறுப்பும் வெள்ளையும் முரட்டுத்தனமாகப் பிரிந்திருக்கும். தாளில் கீறல் இல்லாமலே படத்துக்குள் கீறல் தெரியும். சில சமயம் மூலப் படத்தின் விளிம்போ, அதைக் குத்தி நிறுத்திய ஊசியின் நிழலோ ஓரத்தில் பதிந்திருக்கும். நம் படத்தில் இளம்பெண்ணின் கழுத்தணிச் சங்கிலியின் கண்ணிகளைத் தனித்தனியாக எண்ண முடிகிறது. இது மூலம்தான்.

ஆண்டிலிருந்து ஆட்களுக்கு

இப்போது குடும்பப் பதிவுகளை எடுங்கள். தாளில் ஓர் அட்டவணை வரைந்து, படத்தில் இருக்கக்கூடிய ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதி, 1895-இல் அவர்களுக்கு என்ன வயது என்று பக்கத்தில் குறியுங்கள். படத்தைப் பார்த்து வயதை மதிப்பிடும்போது பெரியவர்களுக்கு இரு பக்கமும் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பிழை வரும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களே. ஆகவே அடையாளம் காணும் வேலையைக் குழந்தைகளிடமிருந்து தொடங்க வேண்டும்.

படத்தில் தெரிவது: ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுமி, மூன்று வயதுச் சிறுவன், தாங்கிப் பிடித்தால் நிமிர்ந்து உட்காரும், எட்டு மாதம் மதிக்கத்தக்க குழந்தை. மூத்த சகோதரியின் மூன்று குழந்தைகளும் 1884, 1887, 1889 ஆகிய ஆண்டுகளில் பிறந்தவர்கள். 1895-இல் அவர்களுக்கு 11, 8, 6 வயது. மடியில் வைக்கக் குழந்தையே இல்லை. இதே குழந்தைகள் இந்த வயதில் இருந்திருக்க வேண்டுமானால் படம் 1890-ஐ ஒட்டியதாக இருக்க வேண்டும்; அப்போது ஸ்டுடியோ இந்தத் தெருவுக்கு வந்திருக்க வாய்ப்புக் குறைவு, கையும் இப்படி உப்பியிருக்காது. இளைய சகோதரியின் குழந்தைகள் 1890-இல் ஒரு மகள், 1892-இல் ஒரு மகன், 1894 டிசம்பரில் இன்னொரு மகள். 1895 ஆகஸ்ட்டில் அவர்களுக்கு ஐந்து, மூன்று, எட்டு மாதம். தாயாருக்கு 24 வயது. படத்தின் முகமும் அதற்குப் பொருந்துகிறது.

பின்புறத்து நீல எழுத்துக்கு இப்போது திரும்பலாம். எழுதியவர் படத்தில் உள்ள குழந்தைகளுள் ஒருவரின் மகனோ மகளோ ஆக இருந்து, தம் பாட்டியை வீட்டில் எல்லோரும் அழைத்த பெயரால் "பெரிய அக்கா" என்று குறித்திருக்கக்கூடும். அல்லது நினைவு தடுமாறியிருக்கலாம். எழுத்தை அழிக்கவும் கூடாது, அடித்துத் திருத்தவும் கூடாது. யாருடைய கையெழுத்து என்று பழைய கடிதங்களோடு ஒப்பிட்டால், அந்தச் சொல் எந்த உறவிலிருந்து சொல்லப்பட்டது என்பதே தெளிவாகிவிடலாம்.

அந்த வயதான பெண்மணி யார் என்பது மீதமிருக்கிறது. சகோதரிகளின் தாயார் என்று நினைப்பதே இயல்பு. ஆனால் குடும்பப் பதிவின்படி அவர் 1893-இல் இறந்துவிட்டார். 1895-இல் எடுத்த படத்தில் அவர் இருக்க முடியாது. ஆண்டைத் துல்லியமாக்குவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. எட்டு ஆண்டு இடைவெளியோடு நிறுத்தியிருந்தால் அவரையே எழுதிவைத்திருப்போம். கணவரின் தாயார் 1901 வரை வாழ்ந்தவர். அவர் பெயர் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, உறுதியாவது வேறு. கணவருக்குத் திருமணமாகாத அத்தை ஒருவரும் அப்போது உயிரோடு இருந்திருக்கிறார்.

ஆகவே அட்டையை வைக்கும் காகித உறையின் மேல், அட்டையை உள்ளே போடும் முன்பே, மெல்லிய பென்சிலால் இப்படி எழுதுங்கள்: "1895 ஆகஸ்ட், முன்பின் ஆறு மாதம். ஆதாரம்: 1889 பதக்கம், 1890–98 முகவரி, நெகட்டிவ் எண் 21,300, உடைக் கை. இளைய சகோதரியும் மூன்று குழந்தைகளும்: உறுதி. நிற்கும் ஆண்: கணவராக இருக்கலாம். வயதான பெண்மணி: கணவரின் தாயார் அல்லது அத்தை." கணவரின் தாயாருடைய பெயர் எழுதிய வேறொரு படம் அந்தக் குடும்பக் கிளையின் ஆல்பத்தில் கிடைக்கும்போது, இரு ஸ்கேன்களையும் அருகருகே வைத்து, வயது ஏறினாலும் பெரிதாக வடிவம் மாறாத காதின் மடலை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை அந்தக் கடைசி வரி அப்படியே இருக்கட்டும்.